பூனை ஏன் எப்போதும் ஜெயிக்கிறது? ஒரு மீமின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நம் எல்லாருடைய போனிலும் ஒரு படம் ஒரு தடவையாவது வந்திருக்கும். இடப்பக்கம் ஒரு பெண். முகம் அழுகையில் கோணியிருக்கிறது, விரலை நீட்டிக் கத்துகிறார். பின்னாலிருந்து இன்னொரு பெண் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வலப்பக்கம் சாப்பாட்டு மேசை, அதில் ஒரு தட்டு, தட்டுக்குப் பின்னால் கதிரையில் ஒரு வெள்ளைப் பூனை. ஒன்றுமே நடக்காதது போல அது உட்கார்ந்திருக்கிறது. பெண்ணின் பக்கத்தில் ஒருவர் பெயர், பூனையின் பக்கத்தில் இன்னொருவர் பெயர். பரீட்சை நேரத்தில் அம்மாவும் மகனும், தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சிகள், கிரிக்கெட் நேரத்தில் இரண்டு அணிகள் என்று பதுளையில் மட்டும் எத்தனை சோடியைப் பார்த்துவிட்டோம்.

இந்தப் படத்தில் எப்போதும் பூனைதான் ஜெயிக்கும். பெண் ஜெயித்த ஒரு படத்தைத் தேடிப் பாருங்கள், இலேசில் கிடைக்காது. அது ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் இரண்டு பாதிகளும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இது ஒரே இடத்தில் எடுத்த படமல்ல. அந்தப் பெண் இந்தப் பூனையைப் பார்த்துக் கத்தவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏழு வருட இடைவெளி இருக்கிறது.

முதலில் இடப்பக்கம். அந்தப் பெண்ணின் பெயர் டெய்லர் ஆம்ஸ்ட்ரோங். அமெரிக்காவில் வசதியான குடும்பத்துப் பெண்களின் வாழ்க்கையைக் காட்டும் 'த ரியல் ஹவுஸ்வைவ்ஸ் ஒப் பெவர்லி ஹில்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்தவர். அவரைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அதே நிகழ்ச்சியின் கைல் ரிச்சர்ட்ஸ். காட்சி இரண்டாவது பருவத்தைச் சேர்ந்தது, 2011 டிசம்பரில் ஒளிபரப்பானது. ஒரு விருந்து வாக்குவாதமாக மாறுகிறது, அதில் வருவதுதான் இந்த விரல் நீட்டல்.

வாக்குவாதத்துக்குப் பின்னணி என்ன? அந்தப் பருவம் முழுக்க டெய்லரின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கணவர் அவரை அடிக்கிறார் என்ற விஷயத்தை, கூட இருந்த பெண்களில் ஒருவர் கமராவுக்கு முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டார். வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்த ஒன்று ஊர் முன்னால் வந்துவிட்டது. அது வெளியே வந்தால் தனக்கு என்ன நடக்கும் என்ற பயம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். அந்த நிலையில் இருந்த ஒரு பெண்ணின் முகம்தான் நாம் பார்ப்பது. அந்தப் பருவம் ஒளிபரப்பாகத் தொடங்குவதற்கு முன்பே, 2011 ஆகஸ்டில், அவருடைய கணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த வருடம் டெய்லர் ஒரு நினைவுநூல் எழுதினார். கணவரிடம் அனுபவித்த அடி உதையை அதில் அவரே சொல்லியிருக்கிறார்.

அதாவது, நாம் 'சும்மா கத்துகிற பெண்' என்று சிரிக்கும் அந்த முகத்துக்குப் பின்னால் கத்துவதற்குக் காரணம் இருந்தது. நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஓடும் காட்சியிலிருந்து ஒரு நொடியை மட்டும் வெட்டி எடுத்தவுடன் முகம் மிஞ்சியது, காரணம் வெட்டுப்பட்டுப் போனது.

இனி வலப்பக்கம். பூனையின் பெயர் ஸ்மட்ஜ், ஊர் கனடாவின் ஒட்டாவா. வீட்டார் சாப்பிட உட்காரும்போது அதுவும் மேசைக்கு வந்து கதிரை பிடித்துவிடும். அப்படி ஒருநாள் அதன் முன்னால் இலைக்கறிகள் நிறைந்த சலாட் தட்டு இருந்தது. அப்போது எடுத்த படத்தை 2018 ஜூனில் டம்ப்ளர் தளத்தில் போட்டார்கள். அதற்குக் கீழே, வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு, 'இவருக்கு மரக்கறி பிடிக்காது' என்ற கருத்தில் ஒரு வரி. அந்தப் படத்தின் நகைச்சுவை அவ்வளவுதான். பிள்ளைக்குக் கீரை வைத்தால் முகத்தைச் சுளிக்குமே, அதே மாதிரி.

இதைக் கவனியுங்கள். 2018 இல் அந்தப் பூனை அமைதியின் சின்னமல்ல. அது அருவருப்பின் சின்னம். 'எனக்கு வேண்டாம்' என்று முகம் சுளிக்கிற பூனை. ஆனால் இன்றைக்கு நாம் அதே முகத்தைப் பார்த்து, 'அடேயப்பா, எவ்வளவு நிதானம்' என்கிறோம். பூனையின் முகத்தில் ஒரு மயிர்கூட மாறவில்லை. மாறியது அதன் பக்கத்தில் இருந்த படம்.

இரண்டையும் ஒட்டியது 2019 மே 1 ஆம் திகதி. டுவிட்டரில் ஒருவர் இந்த இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, சேர்த்துப் பார்த்தால் சிரிப்புத் தாங்கவில்லை என்ற மாதிரி எழுதினார். ஆயிரக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள். பிறகு ஆளாளுக்கு வசனம் எழுதத் தொடங்கினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் படம் உலகம் சுற்றிவிட்டது.

அந்தத் திகதியில் நாம் எந்த நிலையில் இருந்தோம் என்று நினைவிருக்கிறதா? ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள். அதைத் தொடர்ந்து பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடக்கப்பட்டன. முதல் தடை நீங்கியது ஏப்ரல் 30. மே மாதம் கலவரங்கள் நடந்தபோது திரும்பவும் தடை. உலகம் இந்தப் பூனையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியபோது நாம் போனைத் திறக்கவே பயந்திருந்தோம். ஒரு படத்தையும் ஒரு வரியையும் ஒட்டி அனுப்பினால் என்ன செய்யலாம் என்பதை நம் நாடு சிரிப்பில்லாத வழியில் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது.

சரி, ஒட்டுவதால் எப்படி அர்த்தம் மாறுகிறது? இது இன்டர்நெட் கண்டுபிடித்த வித்தை அல்ல. சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு நடிகரின் முகம், எந்த உணர்ச்சியும் காட்டாத முகம். அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டு சூப்பைக் காட்டினார். பார்த்தவர்கள், 'ஆளுக்கு நல்ல பசி' என்றார்கள். அதே முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சவப்பெட்டி. 'பாவம், என்ன துக்கம்' என்றார்கள். முகம் ஒன்றேதான். சினிமா படிப்பவர்கள் இன்றைக்கும் இதை அவருடைய பெயராலேயே சொல்வார்கள். சலாட்டுக்கு முன்னால் அருவருப்பு, கத்துகிற பெண்ணுக்குப் பக்கத்தில் நிதானம். நம்முடைய பூனைக்கும் நடந்தது இதுதான்.

இந்தப் படத்துக்கு ஒரு இலக்கணமும் உண்டு. பெண்ணின் பக்கம் வசனம் நீளமாக இருக்கும், பெரும்பாலும் குற்றச்சாட்டு. பூனையின் பக்கம் குறுகிய பதில். நாம் இடமிருந்து வலமாக வாசிப்பதால் பெண் முதலில் பேசுகிறார், பூனை கடைசியில் பேசுகிறது. பட்டிமன்றத்தில் கடைசியாகப் பேசுகிறவருக்குக் கைதட்டு கிடைப்பது போல, கடைசி வார்த்தை யாருடையதோ வெற்றி அவருடையது. ஒரு வேடிக்கைக்கு இதை அரபு எழுத்தை வாசிப்பது போல வலமிருந்து இடமாக வாசித்துப் பாருங்கள். முதலில் பூனை எதையோ அலட்சியமாகச் சொல்கிறது, அதைக் கேட்டுத்தான் பெண்ணுக்குக் கோபம் வருகிறது. இப்போது கோபத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. படம் அதேதான், வரிசை மாறியதும் குற்றவாளி மாறிவிட்டார்.

'கத்துகிறவர், கலங்காதவர்' என்ற சோடி நமக்குப் புதிதல்ல. 1989 இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியைத் தெரியாதவர் நம் மலைநாட்டில் யார்? ஒரு ரூபாவுக்கு இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கொண்டுவந்து கொடுக்கிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதையே காட்டி, அதுதான் இது என்கிறார். கவுண்டமணி துள்ளுகிறார், செந்தில் அசையவில்லை. முப்பது வருடங்களுக்கு முந்தியே நம்மிடம் இருந்த பெண்ணும் பூனையும் இவர்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்தக் காட்சியில் கணக்கு நமக்குத் தெரியும். ஒரு ரூபா, இரண்டு பழம், ஒன்று வயிற்றில். கவுண்டமணியின் கோபம் நியாயமானது என்று தெரிந்துகொண்டே சிரிக்கிறோம். செந்திலின் நிதானம் கள்ளனின் நிதானம் என்பதும் தெரியும். சிரித்தாலும் நியாயம் யார் பக்கம் என்பதில் நமக்குக் குழப்பம் வருவதில்லை. மீமில் அந்தக் கணக்கு இல்லை. ஒரு ரூபாவையும் தின்ற பழத்தையும் வெட்டிவிட்டு, கத்துகிற முகத்தையும் அசையாத முகத்தையும் மட்டும் தந்தால், கத்துகிறவர் பைத்தியம் என்றும் அசையாதவர் ஞானி என்றும்தான் தோன்றும்.

இதை நம் தோட்டத்துக் கணக்கு ஒன்றில் போட்டுப் பார்ப்போம். இந்தப் படம் பிறந்த அதே 2019 இல் நடந்தது.

2015 இலிருந்தே தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கை நாள் சம்பளம் ஆயிரம் ரூபா. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடியது ஞாபகம் இருக்கும். 2019 ஜனவரியில் தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் புதிய கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவானது. பசறையிலிருந்து ஹாலிஎல வரை பல தோட்டங்களில் மக்கள் கொதித்தார்கள்.

இனி மீமைப் போடுவோம். இடப்பக்கம், கொழுந்துக் கூடையோடு ஒரு அக்கா: 'நாலு வருசமாப் போராடி எங்களுக்குக் கெடச்சது வெறும் இருபது ரூபாவா?' வலப்பக்கம், பூனை: 'நாற்பது சதவீத உயர்வு.' மீமைப் பார்க்கிற வெளியாள் என்ன நினைப்பார்? 'நாற்பது சதவீதம் கூட்டிக் கொடுத்த பிறகும் இருபது ரூபா என்கிறார்களே, கணக்குத் தெரியாத சனங்கள்' என்றுதான். பூனை ஜெயித்துவிட்டது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2016 ஒப்பந்தத்தில் ஒரு நாளுக்கு அடிப்படை 500. அதோடு வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, தேயிலை விலைக் கொடுப்பனவு 30. ஒழுங்காக வேலைக்கு வந்து, சொன்ன அளவு கொழுந்து எடுத்தவருக்கு மொத்தம் 730 ரூபா. 2019 ஒப்பந்தத்தில் அடிப்படை 700, விலைக் கொடுப்பனவு 50. வரவுக்கான 60 உம் உற்பத்திக்கான 140 உம் எடுக்கப்பட்டுவிட்டன. மொத்தம் 750. ஆக, 730 வாங்கிக்கொண்டிருந்தவருக்குக் கூடியது 20 ரூபா.

பூனை சொன்ன நாற்பது சதவீதமும் பொய்யல்ல. 500 இலிருந்து 700 ஆனால் அடிப்படையில் அது நாற்பது சதவீதம்தான். சுகவீனத்தால் வரவு குறைந்து, அளவும் எட்டாத ஒருவர் முன்பு 530 தான் வாங்கியிருப்பார். அவருக்கு 220 ரூபா கூடியது உண்மை. சேமலாப நிதியும் அடிப்படையை வைத்தே கணக்கிடப்படுவதால் அதிலும் கொஞ்சம் நன்மை உண்டு. ஆனால் நன்றாக உழைத்து முழுச் சம்பளமும் எடுத்துவந்தவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்தது இருபது ரூபாதான். அவர் கத்தியது கணக்குத் தெரியாததால் அல்ல. தன் கணக்கைத் துல்லியமாகத் தெரிந்ததால்தான். ஆயிரம் ரூபா கடைசியில் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலமாகவே வந்தது.

இரண்டு எண்களும் உண்மை. ஆனால் நான்கு வரிக் கூட்டல் கணக்கு அந்த இரண்டு கட்டத்துக்குள் அடங்காது. அடங்குவதெல்லாம் ஒரு குரலும் ஒரு மௌனமும்தான். நிதானமாக இருக்க யாரால் முடியும் என்றும் யோசியுங்கள். இருபது ரூபா கூடினாலும் கூடாவிட்டாலும் அன்றிரவு அடுப்பு எரியும் வீட்டுக்காரருக்கு நிதானம் இலேசு. படத்தில் தட்டு பூனைக்கு முன்னால்தான் இருக்கிறது, பெண்ணுக்கு முன்னால் இல்லை. அது தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் நம் ஊரில் வைத்துப் பார்க்கும்போது சுடுகிறது.

இடப்பக்கத்தில் இருப்பது ஒரு பெண் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆண் மேசையைத் தட்டினால் 'ஆள் வலுவான ஆள்' என்போம். பெண் குரல் உயர்த்தினால் 'ஏன் இந்தப் பிள்ளை இப்படிக் கத்துது' என்போம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஒப்பந்தம் பேசும் மேசையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். கத்தும் பக்கமும் அமரும் பக்கமும் மீம் வருவதற்கு முந்தியே பிரிந்துதான் இருந்தன.

நல்ல காலமாக, தமிழ் இந்தப் பூனையை அவ்வளவு இலகுவாக நம்புவதில்லை. 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்று யாரைப் பார்த்துச் சொல்வோம்? ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். எதைக் கேட்டாலும் வாய் திறக்காதவருக்குக் 'கல்லுளிமங்கன்' என்ற பெயரையும் வைத்திருக்கிறோம், அது பாராட்டு அல்ல. இங்கிலிஷ்காரர் அந்தப் பூனையில் நிதானத்தைப் பார்த்தால், நம் பழமொழி அதன் மீசையில் பால் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது.

இந்தப் பார்வையோடு மீமைத் திருப்பிப் போடுகிறவர்களும் உண்டு. பூனையின் அமைதியையே குற்றமாக்கி, பெண்ணின் பக்கம் ஒரு நியாயமான கேள்வியையும் பூனையின் பக்கம் வெறும் மழுப்பலையும் வைப்பார்கள். அப்போது சிரிப்பு பூனையின் மீது விழுகிறது. ஆனால் இது பார்க்கிறவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் மட்டும்தான் வேலை செய்யும். வாழைப்பழக் கணக்குத் தெரிந்த சபையில்தான் செந்தில் மாட்டுவார். தெரியாத சபையில் அவர் அப்பாவிதான்.

ஸ்மட்ஜ் என்ற பூனைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அது சலாட்டைப் பார்த்தது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். டெய்லரும் பின்னாளில் இந்தப் படத்தைப் பெரிய மனதோடுதான் எடுத்துக்கொண்டார். நாம் சிரிப்பதை நிறுத்த வேண்டும் என்று சொல்லவும் நான் வரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் ஒன்பதாம் வாய்ப்பாட்டையும் என்னையும் வைத்துச் செய்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் பூனை யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் தோட்டம், சம்பளம், வீடு, சண்டை, இரண்டு சமூகம் என்று நிஜமான விஷயங்களுக்கு யாராவது இந்தப் படத்தை அனுப்பினால், அதில் வெட்டுப்பட்டது எது என்று ஒருதரம் கேளுங்கள். அந்தப் பெண் விரல் நீட்டியதற்கு முந்திய நிமிடத்தில் என்ன நடந்தது? அந்தப் பழம் யார் வயிற்றில்? 730 எப்படி 750 ஆனது? பதில் தெரிந்த பிறகு சிரிக்கலாம், சிரிப்பு ஒன்றும் குறையாது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது மட்டும் மாறலாம்.